எரிந்தால் குணமாகாது, டீச்சர்

தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு,

நான் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவர். என் அம்மாவும் உங்களைப் போல முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எங்களிடம் சைகையில்தான் சாப்பாடு கேட்பார். அதனாலோ என்னவோ, தொண்டை கட்டிக்கொண்டு ஓர் ஆசிரியர் என் எதிரில் வந்து உட்கார்ந்தால் அவர் வாய் திறப்பதற்கு முன்பே பாதிக் கதை எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வருகிறவர்களிடம் கொஞ்ச காலமாகப் புதிதாக ஒன்றைப் பார்க்கிறேன். நோயைவிட, அதற்காக அவர்களே செய்துகொண்ட வைத்தியம்தான் தொண்டையை அதிகமாகப் புண்ணாக்கியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒருவரின் கதையைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாலாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் அவர், வயது 43. பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் லேசான ஜலதோஷம், அதோடு குரல் கரகரப்பு. விடுப்பு போட மனமில்லை. நாலாவது நாள் குரல் பாதியாகக் குறைந்தது. ஆசிரியர் அறையில் ஒருவர் எலுமிச்சைச்சாறு சொன்னார், இன்னொருவர் ஆப்பிள் சைடர் வினிகர் சொன்னார். டீச்சர் இரண்டையும் செய்தார். காலையில் ஒரு முழு எலுமிச்சம்பழத்தை அரைத் தம்ளர் வெந்நீரில் பிழிந்து கொப்பளித்தார். மதியம் இரண்டு மூடி வினிகரில் கொஞ்சம் தண்ணீர். இரவில், கிருமி எதுவும் மிஞ்சக்கூடாது என்று மவுத்வாஷைத் தண்ணீர் கலக்காமல் வாயில் ஊற்றி, அண்ணாந்து, தொண்டையிலேயே ஒன்றரை நிமிடம் நிறுத்தினார். எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதனால் தினமும் இரண்டு தடவை கூட்டிக்கொண்டார்.

"எரிச்சல் வந்தா மருந்து வேலை செய்யுதுன்னுதானே டாக்டரம்மா அர்த்தம்?" என்றார். அதையும் ஒரு நோட்டில் எழுதித்தான் காட்டினார்.

ஆறு நாள் இப்படிச் செய்துவிட்டு என்னிடம் வந்தபோது எச்சில் விழுங்கவே முடியவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். மேலண்ணத்தின் பின்பகுதியில், உள்நாக்குக்கு இருபுறமும் தூண் போல இறங்கும் மடிப்புகளில், பால் ஆடை படிந்ததுபோல வெள்ளையாகச் சவ்வு வெந்திருந்தது. ஓர் இடத்தில் அந்த ஆடை உரிந்து, அடியில் செக்கச்செவேலென்று பச்சைப்புண். உள்நாக்கு வீங்கி நுனி நாக்கின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. நாக்கின் இரு ஓரங்களிலும் கீழுதட்டின் உட்புறத்திலும் அதே வெண்மை. காய்ச்சல் இல்லை. கழுத்தில் நெறிகட்டவில்லை. பிறகு மெல்லிய குழாய் கேமராவை மூக்கு வழியாக விட்டுக் குரல்வளையைப் பார்த்தேன். குரல்நாண்கள் இரண்டும் சிவந்து, ஓரம் சற்றுத் தடித்து, சரியாக மூடாமல் இருந்தன. ஆனால் அங்கே வெந்த அடையாளம் எதுவுமே இல்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். புண் இருந்த இடம் ஒன்று. குரல் போன இடம் வேறு. கொப்பளித்த திரவம் பட்ட இடமெல்லாம் வெந்துபோயிருந்தது. எந்த இடத்துக்காக அவர் அத்தனை எரிச்சலையும் தாங்கினாரோ, அந்த இடத்தில் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

படவும் முடியாது. அண்ணாந்து கொப்பளிக்கும்போது தண்ணீர் வாயின் பின்புறம் வரை போகிறது. மென்மையான மேலண்ணம், உள்நாக்கு, டான்சிலுக்கு முன்னால் இருக்கும் மடிப்பு, இவ்வளவுதான் அதன் எல்லை. குரல்வளை அதற்கும் கீழே, மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. அங்கே ஒரு சொட்டு இறங்கினாலும் புரையேறி இருமித் தள்ளிவிடுவோம். விழுங்கினாலும் குரல்வளை மூடி வழியை அடைத்து, திரவத்தை உணவுக்குழாய்ப் பக்கம் திருப்பிவிடும். நாம் மூச்சுத் திணறாமல் சாப்பிடுவதே இந்த ஏற்பாட்டால்தான். ஆகவே கொப்பளிக்கும் எந்தத் திரவமும், அது எலுமிச்சையானாலும் உப்புநீரானாலும், குரல்நாணைத் தொடாது. கொப்பளிப்பதால் கிடைப்பது தொண்டையின் மேல்பகுதிக்குக் கொஞ்சம் இதம், அவ்வளவுதான். குரல் திரும்புவது வேறு வழியில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எரிச்சலைப் பற்றி. ஏனென்றால் 'எரிந்தால் கிருமி சாகிறது' என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் வேர்.

நம் வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. சுமார் 42, 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு போனால் அவை 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காரம் பட்டாலும் அதே முனைகள்தான் தூண்டப்படுகின்றன, அதனால்தான் காரத்தை நாம் எரிச்சல் என்கிறோம். அமிலம் பட்டாலும் அவையே. சாராயம் அந்த முனைகளுக்குச் செய்வது இன்னும் விசித்திரமானது. சுடுகிறது என்று சொல்லும் எல்லையை 42 டிகிரியிலிருந்து 34 டிகிரி அளவுக்குக் கீழே இறக்கிவிடுகிறது என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் உடம்புச் சூடே 37 டிகிரி. அதாவது சாராயம் கலந்த மவுத்வாஷை வாயில் வைத்திருக்கும்போது உங்கள் சொந்த உடம்பின் சூட்டையே நெருப்பாக உணர்கிறீர்கள். அந்த எரிச்சல் உங்கள் நரம்பு போடும் கூச்சல். கிருமி செத்ததா இல்லையா என்பது அந்த நரம்புக்குத் தெரியாது.

கடையில் விற்கும் மவுத்வாஷ்கள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் சாராயம் இல்லை. சிலவற்றில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அது பல மதுவகைகளைவிட அதிகம். லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பல் மருத்துவர்கள் எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கரைசலுக்கு வேறு குணம். ஈறு நோய்க்கு நல்ல மருந்து, ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும், சிலருக்கு வாய்ச்சவ்வு மெல்லிய தோலாக உரியும். இவையெல்லாம் பல்லுக்கும் ஈறுக்கும் செய்யப்பட்டவை. வாயில் அரை நிமிடம் வைத்துத் துப்பச் சொல்லித்தான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அண்ணாந்து ஒன்றரை நிமிடம் தொண்டையில் நிறுத்தச் சொல்லி எவரும் எழுதவில்லை.

இனி எலுமிச்சையும் வினிகரும். எலுமிச்சை நமக்கு அந்நியமல்ல, ரசத்திலும் சாதத்திலும் தினமும் சாப்பிடுகிறோம். அப்படியிருக்க அது எப்படித் தொண்டையைப் புண்ணாக்கும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். வித்தியாசம் இரண்டில் இருக்கிறது: எவ்வளவு அமிலம், எவ்வளவு நேரம்.

அமிலத்தின் கடுமையைப் பி.எச். என்ற அளவால் சொல்வார்கள். உங்களில் அறிவியல் எடுப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். எண் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். நம் உமிழ்நீர் ஏறக்குறைய 7-ஐ ஒட்டி நிற்கிறது. எலுமிச்சைச்சாறு 2-க்குச் சற்று மேல். சமையல் வினிகர் இரண்டரைக்குப் பக்கம். ஆக உமிழ்நீருக்கும் எலுமிச்சைக்கும் இடையே அமிலத்தன்மையில் பல்லாயிரம் மடங்கு தூரம். சாப்பாட்டோடு சேர்ந்து போகும்போது அமிலம் சில நொடிகளில் தாண்டிப் போய்விடும், உமிழ்நீரும் பெருகி வந்து கழுவிவிடும். கொப்பளிக்கும்போது நாம் செய்வது இதற்கு நேர்மாறு. அதே இடத்தில் நிறுத்திவைத்து, குமிழ் விட்டு அலசி, சவ்வின் மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் வழவழப்பான பூச்சைக் கழுவி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் உயிரணுக்களுக்கு நேரடியாக அமிலத்தைக் காட்டுகிறோம். ஏற்கெனவே ஜலதோஷத்தால் சிவந்து மெலிந்துபோன சவ்வு அது.

"தண்ணி கலந்துதானே செஞ்சேன்" என்பார்கள். தண்ணீர் கலப்பது நல்லதுதான், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு அது அமிலத்தைக் குறைப்பதில்லை. ஒரு பழத்தின் சாற்றை ஒரு முழுத் தம்ளர் தண்ணீரில் பிழிந்தாலும் பி.எச். 3-க்குக் கீழேயேதான் நிற்கும். வினிகரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்தாலும் ஏறக்குறைய 3-தான். பல்லின் எனாமல் 5.5-க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும். அந்த டீச்சருக்கு முன்பல் கூச ஆரம்பித்திருந்தது இதனால்தான். போதாக்குறைக்கு, எலுமிச்சை கொப்பளித்த கையோடு பல்லும் தேய்த்திருக்கிறார். அமிலத்தில் மென்மையான எனாமலைப் பிரஷ் சுரண்டி எடுத்துவிடும். புளிப்பு எதுவும் வாயில் பட்டால் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தேய்க்க வேண்டும்.

வினிகரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம் என்பதற்கு மருத்துவ இதழில் பதிவான ஒரு சம்பவம் உண்டு. ஹாங்காங்கில் 39 வயதுப் பெண் ஒருவருக்குத் தொண்டையில் நண்டு ஓடு சிக்கிக்கொண்டது. வினிகர் குடித்தால் ஓடு இளகும் என்று நம்பி ஒரே ஒரு மேசைக்கரண்டி குடித்தார். தொண்டை வீங்கி, உணவுக்குழாய் முழுக்க, இரைப்பை வாசல் வரை வெந்த புண். 2002-இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். சிகிச்சையில் அவர் தேறிவிட்டார். நம் வீடுகளில் மீன் முள் குத்தினால் வினிகர், எலுமிச்சை என்று யோசனை சொல்வதுண்டு. தயவுசெய்து வேண்டாம். முள் இளகுவதற்கு முன் உங்கள் சவ்வு இளகிவிடும். இன்னொன்று: சில மளிகைக் கடைகளிலும் ரசாயனக் கடைகளிலும் கிடைக்கும் அடர்த்தியான அசிட்டிக் அமிலம் சமையல் வினிகர் அல்ல. சமையல் வினிகரில் அமிலம் சுமார் 4 முதல் 5 சதவீதம். அந்த அடர் பாட்டிலில் கிட்டத்தட்ட முழுவதுமே அமிலம். அதைக் கண்ணளவில் கலந்து வினிகர் தயாரிக்கும் பழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் காபி, மதியம் மணி அடிப்பதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்ட சாப்பாடு, இரவு பத்து மணிக்கு மேல் சப்பாத்தி, உடனே படுக்கை. இதுதான் உங்களில் பலரின் நாள். வயிற்றிலிருந்து அமிலம் மேலேறும்போது பெப்சின் என்ற செரிமானப் பொருளும் சேர்ந்து வந்து தொண்டைச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அமிலம் இல்லாதபோது அது தூங்கிக்கிடக்கும். மறுபடி அமிலம் பட்டால் விழித்துக்கொள்ளும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. அது கீழிருந்து வந்த அமிலமா, நீங்கள் மேலிருந்து ஊற்றிய எலுமிச்சையா என்று பெப்சின் பிரித்துப் பார்ப்பதில்லை. தொண்டையில் எப்போதும் ஏதோ அடைத்தமாதிரி, காலையில் கனைத்துக்கொண்டே இருக்கிறமாதிரி உங்களுக்கு இருந்தால், புளிப்பு எதையும் கொப்பளிக்கவே கூடாது.

தொண்டை வலி நோயால் வந்ததா, கொப்பளித்ததால் வந்ததா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கண்ணாடி முன் நின்று கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். வெந்த புண்ணானால் திரவம் பட்ட இடத்திலெல்லாம், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும். தொண்டையோடு நிற்காமல் நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், உதடு என்று பரவியிருக்கும். கொப்பளித்த சில நிமிடங்களில் வலி கூடும். குளிர்ந்த பாலோ மோரோ பட்டால் மோர் எரியும், பால் இதமாக இருக்கும். காய்ச்சல் வராது. தொற்றாக இருந்தால் காய்ச்சல், உடம்பு வலி, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் கட்டி, டான்சிலின் மேல் மட்டும் புள்ளி புள்ளியாகச் சீழ் என்று இருக்கும். எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை, கொப்பளிப்பதை நிறுத்திப் பார்ப்பதுதான். வெந்த சவ்வு விட்டுவைத்தால் மூன்று நாலு நாளில் தெளிவாகத் தேறும், ஒன்று இரண்டு வாரத்தில் புதிதாக மூடிக்கொள்ளும். உடம்பிலேயே சீக்கிரம் ஆறும் இடங்களில் வாய்ச்சவ்வும் ஒன்று. அந்த வெள்ளை ஆடையை மட்டும் விரலாலோ துணியாலோ துடைத்து எடுக்காதீர்கள். அடியில் வளரும் புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும்.

அந்த டீச்சருக்கு நான் செய்த வைத்தியம் மிக எளியது. எலுமிச்சை, வினிகர், மவுத்வாஷ் மூன்றையும் நிறுத்தச் சொன்னேன். வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தேன். குழைந்த சாதத்தில் பாலும் நெய்யும், இளஞ்சூட்டில். புளி, மிளகாய், தக்காளி பத்து நாளுக்குக் கிடையாது. கொப்பளிக்க உப்புநீர். அதை எப்படித் தயாரிப்பது என்று சொல்லும்போது அவர் நோட்டை நீட்டி, என்னையே எழுதச் சொன்னார். உங்களுக்கும் அதையே எழுதுகிறேன்.

எவர்சில்வர் தம்ளர் ஒன்றில் 200 மில்லி தண்ணீர். கொதிக்கவைத்து ஆறியது. அதில் தூள் உப்பு, தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2 கிராம். இந்த அளவில் நம் இரத்தத்திலும் கண்ணீரிலும் இருக்கும் உப்புக்குச் சமமாகிறது, அதனால்தான் புண்ணில் பட்டாலும் எரியாது. அளவு சரியா என்று நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீர் உதட்டில் வழிந்தால் எப்படிக் கரிக்குமோ அப்படிக் கரிக்க வேண்டும். கடல் தண்ணீர் போலக் கரித்தால் கூடிவிட்டது, அது சவ்விலிருந்து நீரை உறிஞ்சிக் காயவைக்கும். உப்பு கூடினால் குணமும் கூடும் என்று இரண்டு ஸ்பூன் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கல் உப்பானால் முழுதாகக் கரையும் வரை கலக்குங்கள், கரையாத துணுக்கு புண்ணில் பட்டால் சுருக்கென்று குத்தும். சூட்டுக்கு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, சில்லிடவும் கூடாது. ஒரு வாய் எடுத்துப் பதினைந்து நொடி, துப்பிவிட்டு மறுபடி, இப்படி மூன்று முறை. நாளுக்கு மூன்று நாலு வேளை போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் விழுங்காமல் துப்பிவிட்டால் கவலை இல்லை.

புண் மிகவும் பச்சையாக இருந்து உப்பும் எரிகிறது என்றால் சமையல் சோடாவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சோடா உப்பு. புற்றுநோய் சிகிச்சையில் வாய் புண்ணானவர்களுக்கு மருத்துவமனைகளில் நாங்கள் சொல்லும் கலவை இதைப் போன்றதுதான். அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.

இதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதுமா? போதும். ஜப்பானில் கொப்பளிப்பது சிறுவயதிலிருந்தே பழக்கம். அங்கே 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 387 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வெறும் தண்ணீரில் தினமும் மூன்று வேளை கொப்பளித்தது, ஒரு குழு நீர்த்த போவிடோன் அயோடினில், ஒரு குழு வழக்கம்போல. இரண்டு மாத முடிவில் வெறும் தண்ணீர்க் குழுவுக்குத்தான் சளித்தொல்லை தெளிவாகக் குறைந்திருந்தது. அயோடின் குழுவில் அப்படியொரு குறைவைக் காட்ட முடியவில்லை. நம் மருந்துக்கடையில் கிடைக்கும் பழுப்பு நிற அயோடின் கொப்பளிப்பு மருந்தும் இந்த வகைதான். மருத்துவர் சொன்னால், சம அளவு தண்ணீர் கலந்து, சொன்ன நாள்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தைராய்டு தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடக்கூடாது.

நாட்டு மருந்துக் கடைச் சரக்குகளில் ஒன்றை மட்டும் மனமறிந்து சொல்வேன்: அதிமதுரம். அறுவை சிகிச்சையின்போது மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவதால், விழித்தபின் தொண்டை வலிக்கும். அதைக் குறைக்க லக்னோவில் உள்ள மருத்துவர்கள் 2009-இலும், பிறகு வியன்னாவில் 2013-இல் 236 நோயாளிகளிடமும், மயக்கம் கொடுப்பதற்கு முன் அதிமதுர நீரைக் கொப்பளிக்க வைத்தார்கள். அரை கிராம் அதிமதுரம், 30 மில்லி தண்ணீர். தொண்டை வலி நன்றாகக் குறைந்தது. அது குழாய் உரசிய தொண்டை, உங்களுடையது கத்திக் கத்திப் புண்ணான தொண்டை. இருந்தாலும் உறுத்தலைத் தணிக்கும் குணத்தை நம்பலாம். வீட்டில் செய்வதானால், விரல்கணு நீளத் துண்டைத் தட்டிப் போட்டு, ஒரு தம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, ஆறவைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். தினமும் கஷாயமாக வாரக்கணக்கில் குடிக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். இரவு படுக்கப்போகும் முன் ஒரு ஸ்பூன் தேன் தொண்டையில் இறங்கினால் இருமல் அடங்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் தொட்டுவைக்கக்கூடாது. அங்கன்வாடியில் வேலை செய்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இப்போது குரலுக்கு வருகிறேன். அந்த டீச்சரின் புண் எட்டு நாளில் ஆறிவிட்டது. குரல் அதனோடு திரும்பவில்லை, நான் எதிர்பார்த்ததும் அதுதான். குரல்நாண்களுக்கு மருந்து ஓய்வும் ஈரமும். ஐந்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தேன். அந்த ஐந்து நாளும் வீட்டில் அவசியத்துக்கு மட்டும் பேச வேண்டும், அதுவும் மெல்லிய இயல்பான குரலில். கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைக்கிறோம், பலருக்கு அது குரல்வளையை இன்னும் இறுக்கிவிடும். தண்ணீர் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. குடிக்கும் தண்ணீரும் குரல்நாணை நேரே தொடாது, ஆனால் உடம்பில் நீர் நிறைந்தால்தான் அங்கே கசியும் சளி நீர்த்து வழவழப்பாக இருக்கும். கழிப்பறைக்குப் பயந்து பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அதற்கு மருந்துச்சீட்டில் எழுத என்னிடம் எதுவுமில்லை, தலைமையாசிரியர்களும் கல்வி அலுவலர்களும்தான் எழுத வேண்டும்.

மீண்டும் வகுப்புக்குப் போனபோது இடுப்பில் கட்டும் சிறிய மைக் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கோயிலில் அறிவிப்புக்கு வைத்திருப்பதுபோல இருக்கிறதே என்று கூச்சப்பட்டார். குரல் கெட்ட ஆசிரியர்களுக்கு ஒலிபெருக்கி உதவுகிறது என்று அமெரிக்காவில் ஆசிரியர்களை வைத்தே செய்த ஆய்வு 2002-இல் வந்திருக்கிறது என்று சொன்னேன். கடைசி வரிசைப் பையனுக்குக் கேட்கவேண்டும் என்றுதானே இத்தனை வருடம் கத்தினார், மைக்கில் அது மெதுவாகப் பேசினாலே கேட்கும்.

சில நிலைமைகளில் உப்புநீரையும் ஓரமாக வைத்துவிட்டு உடனே வந்துவிட வேண்டும். எச்சிலை விழுங்க முடியாமல் வடிகிறது, வாயைத் திறக்க முடியவில்லை, வாயில் சுடுகஞ்சி வைத்திருப்பதுபோலப் பேச்சு குழறுகிறது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது. இவை டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியதற்கோ மூச்சுப்பாதை வீங்கியதற்கோ அடையாளம், அன்றைக்கே மருத்துவமனை. உங்கள் வகுப்புப் பிள்ளைக்கு இருமல், சளி எதுவும் இல்லாமல் கடுங்காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு விட்டுவிடாதீர்கள். அது பாக்டீரியாவால் வந்த தொற்றாக இருந்து, சரியாக மருந்து கொடுக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கும். பெரியவர்களுக்குக் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால், புகையிலைப் பழக்கம் இருந்தால் இன்னும் முன்பாகவே, குரல்வளையைக் குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும். பத்து நிமிட வேலை.

வினிகரோ அமிலமோ தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலேறும்போது இரண்டாம் முறை வேகும். வாயைத் தண்ணீரில் அலசிவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று அதில்தான் எங்களுக்குத் தெரியும்.

போன மாதம் அந்த டீச்சர் மறுபரிசோதனைக்கு வந்தார். குரல்நாண்களின் ஓரம் நேராகியிருந்தது, மூடும்போது இடைவெளி இல்லை. ஆசிரியர் அறை அலமாரியிலிருந்த மவுத்வாஷ் பாட்டிலைப் பல் தேய்க்கும் இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். அந்த இடத்தில் இப்போது ஒரு உப்பு டப்பா இருக்கிறதாம், அதற்குள் தேக்கரண்டி ஒன்று, மூன்றில் ஒரு பங்கு அளவில் நகப்பூச்சால் சிவப்புக்கோடு போட்டு.

அன்புடன்,
உங்கள் தொண்டையைத் தினமும் பார்க்கும் ஒரு மருத்துவர்